தாலி கட்டும் அரை நிமிடமும் நாலு மில்லிமீட்டர் துளையும்

"கேமரா எதுக்குப்பா? போன்லயே அருமையா வருதே. அந்தக் காசுக்கு இன்னும் நல்ல போனா வாங்கிக்கோ." வீட்டுக் கல்யாணத்தையும் வளைகாப்பையும் காதுகுத்தையும் தானே படம் எடுக்க ஆசைப்பட்டு, மிரர்லெஸ் கேமராவின் விலையை விசாரிக்கத் தொடங்கும் எவருக்கும் இன்று முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். சித்தப்பா சொல்கிறார், கூட வேலை பார்ப்பவர் சொல்கிறார், போன் கடைக்காரரைக் கேட்கவே வேண்டாம். இது ஏறக்குறைய பொதுக்கருத்து ஆகிவிட்டது. அந்தக் கருத்து தவறு என்பது என் கட்சி. போன் எந்த இடத்தில் ஜெயிக்கிறதோ அந்த இடத்துப் படங்களைக் காட்டியே, அது தோற்கும் இடத்துக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

முதலில் அவர்கள் பக்கத்துச் சாட்சியைப் பார்த்துவிடுவோம், அது பொய்ச்சாட்சி இல்லை. மாமல்லபுரம் கடற்கரை, மாலை ஐந்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடையது கிழக்குக் கரை. வெயில் ஊர்ப்பக்கம் இறங்குகிறது. கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஜோடியின் முகத்தில் இதமான வெளிச்சம் நேராக விழுகிறது. இந்த வெளிச்சத்தில் நடுத்தர விலைப் போனும் அழகான படம் தரும். அதே இடத்தில் மிரர்லெஸ்ஸில் எடுத்ததையும் வாட்ஸ்அப்பில் போட்டால், அது இரண்டையும் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கித்தான் அனுப்பும். எது எதில் எடுத்தது என்று எடுத்தவருக்கே குழப்பம் வரும். பந்தியில் வரிசையாக இலை போட்ட கூடம், வாசல் கோலம், மண்டப அலங்காரம் போன்ற அசையாத, அகலமான காட்சிகளிலும் போனைக் குறை சொல்ல எதுவுமில்லை. கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடி எடுக்கும் வீடியோவில், புதியவர் கையிலுள்ள கேமராவைவிடப் போன்தான் மேல். இத்தனையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கல்யாணம் கடற்கரையில் மாலை ஐந்து மணிக்கு நடப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ரிசார்ட்டுகளில் புல்வெளிக் கல்யாணம் நடத்துபவர்கள் உண்டு. நயன்தாரா, விக்னேஷ் சிவன் திருமணம் 2022 ஜூன் 9 அன்று மாமல்லபுரத்துக்கு அருகே அப்படியொரு ரிசார்ட்டில்தான் நடந்தது. நம் வீட்டுக் கல்யாணம் செங்கல்பட்டிலோ மறைமலை நகரிலோ திருக்கழுக்குன்றத்திலோ ஒரு மண்டபத்துக்குள் நடக்கும். முகூர்த்தம் நாலரை ஆறு என்பார்கள், அல்லது ஆறு ஏழரை என்பார்கள். வெளியே விடிந்தும் விடியாமலும் இருக்கும். உள்ளே டியூப்லைட்டு, மேடை மேல் சில எல்.ஈ.டி. விளக்குகள், வீடியோக்காரர் தூக்கிப் பிடிக்கும் ஒரு லைட்டு, நடுவில் ஹோமப் புகை. நம் கண் இருட்டுக்குத் தகுந்தபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால் மண்டபம் ஜெகஜோதியாகத் தெரிகிறது. கேமராவைப் பொறுத்தவரை, வெளியே வெயிலில் இருக்கும் வெளிச்சத்தில் இருநூறில் ஒரு பங்குகூட அங்கே இருக்காது.

இனி ஒரு குறிப்பிட்ட நொடிக்கு வருவோம். கெட்டிமேளம் கொட்டுகிறது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைத்து முடிச்சுப் போடுகிறார், நாத்தனார் குனிந்து அடுத்த முடிச்சுக்குக் கை நீட்டுகிறார், நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. மொத்தமாக அரை நிமிடம், இன்னொரு முறை கிடையாது. நேர் எதிரே சம்பளம் வாங்கும் போட்டோகிராபரும் வீடியோக்காரரும் இடத்தைப் பிடித்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் தாய்மாமன்கள். வீட்டுப் பிள்ளையான உங்களுக்குக் கிடைப்பது மேடையின் பக்கவாட்டில், மணையிலிருந்து ஏறத்தாழ நாலு மீட்டர் தள்ளி, இரண்டு தோள்களுக்கு நடுவே ஒரு சந்து. கல்யாணத்தைப் படம் எடுப்பது என்றால் நடைமுறையில் அந்தச் சந்திலிருந்து அந்த அரை நிமிடத்தை எடுப்பதுதான். போன் போதுமா போதாதா என்ற கேள்வியை அங்கே நின்றுதான் கேட்க வேண்டும்.

அங்கே கேமராவுக்கும் போனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள மெகாபிக்சல் உதவாது. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: வெளிச்சம் உள்ளே நுழையும் துளை எத்தனை அகலம்? லென்ஸின் குவியத் தொலைவை அதன் எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வந்துவிடும். நல்ல போனின் முதன்மைக் கேமராவில் உண்மையான குவியத் தொலைவு சுமார் ஏழு மில்லிமீட்டர், எஃப் எண் 1.8. ஆகத் துளை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். கேமராவில் 50 எம்.எம். எஃப் 1.8 என்ற சாதாரண, ஜூம் இல்லாத லென்ஸை எஃப் 2.8 வரை சுருக்கி வைத்தாலும் துளை ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் இருக்கும். துளையின் பரப்புதான் வெளிச்சத்தின் அளவு. விட்டம் நாலரை மடங்கு என்றால் பரப்பு இருபது மடங்கு. நாலு மீட்டரிலிருந்து அதே மணமக்களை, அதே நேர அளவுக்குத் துளையைத் திறந்து வைத்து எடுத்தால், கேமராவுக்குள் இருபது மடங்கு வெளிச்சம் போகிறது.

"போனில்தான் மூணு மடங்கு ஜூம் லென்ஸ் தனியாக இருக்கிறதே" என்பார்கள். அதன் துளை பெரும்பாலும் இன்னும் சின்னது, 3 மில்லிமீட்டருக்குப் பக்கம். மங்கலான இடத்தில் பல போன்கள் அந்த லென்ஸைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, முதன்மைக் கேமராவில் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. சந்தேகமிருந்தால் மண்டபத்துக்குள் ஜூமை அழுத்திவிட்டு அந்த லென்ஸ் மேல் விரலை வைத்துப் பாருங்கள். திரையில் படம் மறையாவிட்டால் அந்த லென்ஸ் வேலையே செய்யவில்லை.

இங்கேதான் மறுதரப்பின் உண்மையான வாதம் வருகிறது, அதை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். துளை சின்னதாக இருந்தால் என்ன, போன் ஒரு படமா எடுக்கிறது? ஒரு தட்டலில் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மென்பொருளால் குறையை ஈடுகட்டிவிடுகிறதே என்கிறார்கள். உண்மைதான். இரவில் கடற்கரைக் கோயிலை எடுத்தால் இந்த அடுக்கும் வித்தை அசத்துகிறது. ஆயிரத்து முந்நூறு வருடமாக அசையாமல் நிற்கும் கல் அது. மாப்பிள்ளையின் விரல் அப்படி நிற்காது. இருபது மடங்குக் குறையை ஈடுகட்ட, நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம் எடுக்கும் படங்கள் இருபது வேண்டும். எல்லாம் சேர்ந்து நொடியில் பத்தில் ஒரு பங்கு. முடிச்சுப் போடும் கை நிதானமாக, நொடிக்கு முப்பது சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்தால்கூட, அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கேமராவின் ஒற்றைப் படத்தில் அதே கை நகர்வது ஒன்றரை மில்லிமீட்டர்.

மூன்று சென்டிமீட்டர் நகர்ந்த விரலைப் போன் என்ன செய்யும்? இரண்டில் ஒன்று. எல்லாவற்றையும் கலந்தால் விரலுக்கு நிழல்போல இன்னொரு விரல் முளைக்கும். புத்திசாலிப் போன்கள் அசைந்த பகுதியை மட்டும் அடுக்காமல் ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்போது அந்தப் பகுதிக்குக் கிடைத்தது சின்னத் துளையின் சொற்ப வெளிச்சம்தான். அதில் பொங்கும் புள்ளிகளைத் துடைக்கும்போது மென்பொருள் நகத்தையும் மஞ்சள் கயிற்றின் முறுக்கையும் சேர்த்தே துடைத்துவிடும். அதனால்தான் போனில் எடுத்த தாலி கட்டும் படங்களில் பின்னாலிருக்கும் பூ அலங்காரம் பளிச்சென்றும், படத்தின் உயிரான விரல்கள் மெழுகாலானவை போலவும் இருக்கின்றன. உங்கள் போனிலேயே போன வருடத்துக் கல்யாணப் படம் ஒன்று இருக்கும். அதைத் திறந்து விரல்களையும் மல்லிகைச் சரத்தையும் பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஆல்பத்தில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத் தாளில் அச்சாகும்போது முதலில் கண்ணில் படுவது அந்த மூன்றுமேதான்.

"போனிலேயே சினிமா எடுக்கிறார்கள், நீ என்ன பேசுகிறாய்" என்பது அடுத்த அஸ்திரம். எடுக்கிறார்கள். ஸ்டீவன் சோடர்பெர்க் 2018-இல் வெளியான 'அன்சேன்' படத்தை ஐபோனில் எடுத்தார். டேனி பாயிலின் '28 இயர்ஸ் லேட்டர்' 2025-இல் வந்தது, அதன் பெரும்பகுதியும் ஐபோன்தான். சினிமா எடுப்பவர் தனக்கு வேண்டிய இடத்தில் விளக்கை வைப்பார், சரியாக வராவிட்டால் 'ஒன் மோர்' கேட்பார். பாயிலின் குழு போனின் முன்னால் பெரிய லென்ஸ்களையும் துணைக்கருவிகளையும் மாட்டிக்கொண்டது. புரோகிதரிடம் போய், "சாமி, இன்னொரு தடவை கட்டச் சொல்லுங்க" என்று உங்களால் கேட்க முடிந்தால் நீங்களும் போனில் எடுக்கலாம்.

சரி, போன் இவ்வளவு பின்தங்கியிருந்தால், கேமரா வாங்கிய பலரே "போனில் எடுத்ததுதான் நல்லா இருக்கு" என்று சொல்லி அதை பீரோவில் வைத்துப் பூட்டியது ஏன்? அவர்கள் பொய் சொல்லவில்லை. பொதுக்கருத்துக்கு மிகப் பலமான சாட்சிகளே அவர்கள்தான். இங்கே நான் போன் கட்சியைவிடக் கேமரா கட்சியின் மேல்தான் அதிகம் கோபப்படுகிறேன். "மிரர்லெஸ் வாங்கு, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி, பெட்டியோடு வரும் கிட் லென்ஸோடு புதியவரை மண்டபத்துக்குள் அனுப்புகிறவர்கள் அவர்கள்.

அந்த லென்ஸின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வழக்கமான கிட் லென்ஸ் 16-50 எம்.எம்., எஃப் 3.5-5.6. அகலமான முனையில் பதினாறை மூன்றரையால் வகுத்தால் துளை நாலரை மில்லிமீட்டர். போனின் துளைக்கும் அதற்கும் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! அறுபது எழுபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவி வெளிச்சம் வாங்குவதில் போனைவிடச் சொற்பமே மேல். படங்களை அடுக்கும் வித்தையும் அதற்குத் தெரியாது. ஆகவே மண்டபத்தில் அகலமாக எடுத்த படத்தில் போன் ஜெயிக்கத்தான் செய்யும். ஜூமை 50-க்குத் தள்ளினால் துளை 9 மில்லிமீட்டர், போனைவிட ஐந்து மடங்கு வெளிச்சம். அது போதாது. அதே மண்டபத்தில் எஃப் 2.8-இல் ஐ.எஸ்.ஓ. 3200 வைத்து எடுக்கும் படத்துக்குக் கிட் லென்ஸில் 12800 வேண்டும். ஆட்டோவில் விட்டிருந்தால் கேமரா அத்தனை தூரம் போகத் தயங்கி, ஷட்டரை அறுபதில் ஒரு பங்குக்கு இறக்கிவிடும். கை கலங்கும். கேமராவின் மேல் வரும் பழி, உண்மையில் அதன் முகத்தில் மாட்டிய லென்ஸைச் சேர வேண்டியது.

ஆகவே என் வாதத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறேன். கிட் லென்ஸோடு மட்டும் கேமரா வாங்குவதாக இருந்தால் பொதுக்கருத்து சொல்வதே சரி, வாங்க வேண்டாம். 50 எம்.எம். எஃப் 1.8 போன்ற ஒரு லென்ஸோடு வாங்குவதாக இருந்தால் அது சொல்வது தவறு. கேனனில் ஆர்.எஃப். 50 எம்.எம். எஃப் 1.8, சோனியில் ஈ 50 எம்.எம். எஃப் 1.8 என்று இதற்கு லென்ஸ்கள் இருக்கின்றன. பிராண்டைப் பொறுத்து ஏறத்தாழ பதினைந்து முதல் இருபத்தைந்தாயிரம் ரூபாய். இதைக் கூட்டினாலும் மொத்தச் செலவு லட்சத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். லட்சத்துக்கு மேல் விலையுள்ள போனை மாதத் தவணையில் வாங்கச் சொல்பவர்கள் கேமராவை 'வீண் செலவு' என்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதியது முடியாதென்றால் உடலைப் பழையதாக வாங்கி, லென்ஸுக்குக் காசை ஒதுக்குங்கள்.

"ஆரம்பக்காரனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? போனில் தட்டினால் போதுமே" என்ற வாதம் மிச்சமிருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டியது அவர்கள் பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. அந்தச் சந்தில் நின்று எடுக்க, மேனுவல் முறையில் ஷட்டர் 1/200, துளை எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. மட்டும் ஆட்டோ, அதன் உச்சவரம்பு 6400. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸை இயக்கிவிட வேண்டும். எஃப் 1.8 இருக்கும்போது ஏன் 2.8 என்று கேட்கலாம். நாலு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர்தான். நேர் எதிரே நிற்பவருக்கு அது போதும், மணமக்கள் இருவரும் ஒரே தூரத்தில் இருப்பார்கள். பக்கவாட்டில் நிற்கும் உங்களுக்கு மாப்பிள்ளை முன்னால், பொண்ணு அரை மீட்டர் பின்னால். ஒருவர் முகம் தெளிவாகவும் மற்றவர் முகம் கலங்கியும் வரும், பொண்ணு வீட்டார் மன்னிக்க மாட்டார்கள். எஃப் 2.8-இல் ஆழம் 70 சென்டிமீட்டர் அளவுக்கு விரிகிறது, இருவரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். மேடையில் இரண்டு வரிசையாக நிற்கும் குரூப் போட்டோவுக்கு இதுவும் போதாது. அதற்கு எஃப் 5.6, கிட் லென்ஸ், ஃபிளாஷ். அல்லது தயங்காமல் போனையே எடுங்கள், யாரும் அசையாமல்தான் நிற்பார்கள்.

புதியவர்கள் விழும் பள்ளம் வேறொன்று உண்டு. மந்திரம் சொல்லும்போது கிளிக் சத்தம் கேட்கக் கூடாதே என்று மரியாதையாக 'சைலன்ட்' முறைக்கு மாற்றிவிடுவார்கள். அதில் சென்சார் படத்தை மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி, மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கும். விளைவு, படம் முழுக்கக் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டும் வெளிச்சமும். மேடைக்குப் பின்னால் எல்.ஈ.டி. திரை வைத்திருந்தால் இன்னும் மோசம். சைலன்ட்டை அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்தால் ஷட்டரை 1/100-க்கு இறக்க வேண்டும். விரல் கொஞ்சம் கலங்கும் அபாயத்தோடுதான்.

கேமராவின் மேல் சொல்லத்தக்க உண்மையான குறை ஒன்று இந்தக் கரைக்கே உரியது, அதைப் போன் கட்சியினர் ஏனோ சொல்வதே இல்லை. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை காற்றில் உப்பும் ஈரமும் எந்நேரமும் இருக்கும். கேமராவைப் பையில் போட்டு பீரோவில் மாதக்கணக்கில் வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், கண்ணாடியில் சிலந்தி வலை ஒட்டியதுபோல. பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் சில நூறு ரூபாயில் இதைத் தடுத்துவிடும், ஜெல் நிறம் மாறும்போது மாற்ற வேண்டும் அவ்வளவுதான். ரிசார்ட்டில் ஏ.சி. அறையிலிருந்து நேரே கடற்கரைக்கு ஓடினால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே வெளியே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும், கடல் மணலில் நின்று லென்ஸைக் கழற்றவே கூடாது. இந்தப் பராமரிப்புக்குப் பொறுமை இல்லாதவர், வருடத்துக்கு ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர், எடுத்ததை வாட்ஸ்அப்பைத் தவிர வேறெங்கும் பார்க்காதவர், இந்த மூன்று பேரும் கேமரா வாங்க வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

"சம்பளத்துக்குப் போட்டோகிராபர் இருக்கும்போது நீ எதற்கு" என்பதைப் பலர் கடைசியாக எடுத்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் போனும்தான் எதற்கு? போட்டோகிராபருக்கு மணமக்களைத் தெரியும். தாலி ஏறும் அந்த நொடியில் பொண்ணின் அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்வதும், நடக்க முடியாத பாட்டியை நாற்காலியோடு தூக்கி வருவதும் அவர் பட்டியலில் இல்லை. அவர் நேர் எதிரே நிற்கிறார், உங்களுக்கு விட்டுவைத்த பக்கவாட்டுச் சந்திலிருந்துதான் அத்தையின் முகம் தெரியும்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வரவேற்பு முந்தின நாள் மாலையே அதே மண்டபத்தில், ஏறக்குறைய அதே விளக்குகளில் நடந்துவிடும். புதியவருக்கு அதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. காலையில் நிற்கப்போகும் இடத்தைப் பார்த்து வைத்து, அங்கிருந்து மேடையை 1/200, எஃப் 2.8-இல் எடுத்து, கை அசைக்கும் ஒருவரின் விரலைக் கேமராத் திரையிலேயே பெரிதாக்கிப் பாருங்கள். விரல் கலங்கினால் 1/250. ஐ.எஸ்.ஓ. 6400-ஐத் தொட்டும் படம் இருட்டாக இருந்தால், வீடியோக்காரரிடம் போய், "அண்ணே, தாலி கட்டி முடிக்கிற வரைக்கும் லைட்டை அணைச்சிடாதீங்க" என்று சொல்லி வையுங்கள். ஒரு பேட்டரி சில நூறு படங்களுக்குத்தான் வரும், இரண்டு வைத்துக்கொண்டு இரண்டையும் அன்றிரவே சார்ஜில் போட்டுவிடுங்கள். நாலரை முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கு யாருக்கும் அது நினைவிருக்காது.